தென்காசி வீட்டு ரவுட்டருக்குச் சென்னையிலிருந்து ஒரு வழி

அப்பா தென்காசியில் இருக்கிறார், நான் சென்னையில். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. "பக்கத்து வீட்டுப் பையன் பரீட்சைக்குப் படிக்கணும்னு கேட்டான், வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தேன். இப்போ தெருவே நம்ம நெட்டுலதான் ஓடுது. நீ அங்க இருந்தே மாத்திரலாம்லா?"

வைஃபை பாஸ்வேர்டை மாற்ற ரவுட்டரின் அட்மின் பக்கத்துக்குள் போக வேண்டும். ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று ஒரு முகவரி இருக்கும். வீட்டுக்குள் இருந்துகொண்டு அதை பிரவுசரில் அடித்தால் அந்தப் பக்கம் திறக்கும். வெளியே இருந்து அடித்தால் திறக்காது. "மாடி ரூம்" என்று சொன்னால் அந்தந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அவரவர் மாடி ரூம்தான் புரியும், தெருவில் நின்று சொன்னால் எந்த மாடி என்று யாருக்கும் தெரியாது. இந்த முகவரியும் அப்படித்தான். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வீடுகளில் இதே எண்தான் இருக்கிறது.

வெளியே இருந்து வருவதற்கு இரண்டு விஷயங்கள் அமைய வேண்டும். உங்கள் இணைப்புக்கு இணையத்தில் தனியாக ஒரு பொது ஐபி முகவரி இருக்க வேண்டும். ரவுட்டரில் Remote Management என்ற வசதி இயக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டுமே இருந்தன, அதுவும் எனக்குத் தெரியாமல். சிசிடிவி கேமரா மாட்ட வந்தவர், வெளியூரில் இருந்து நான் கேமராவைப் பார்ப்பதற்காக ஸ்டாட்டிக் ஐபி வாங்கச் சொல்லியிருக்கிறார். பிறகு ஏதாவது சரிசெய்ய வேண்டி வந்தால் தன் கடையில் இருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று Remote Management-ஐயும் திறந்து வைத்திருக்கிறார். அந்த ஐபி எண்ணை அப்பா காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். படித்துச் சொன்னார். எண்ணை அடித்து, கடைசியில் :8080 என்று சேர்த்தேன். லாகின் பக்கம் வந்தது. admin என்ற பெயர், admin என்ற பாஸ்வேர்டு, உள்ளே போய்விட்டேன்.

இரண்டே நிமிடத்தில் வைஃபை பாஸ்வேர்டை மாற்றியாயிற்று. அப்பாவுக்குச் சந்தோஷம். வெளியே வருவதற்கு முன் System Log என்ற பகுதியைத் திறந்து பார்த்தேன். ரவுட்டர் தனக்கு நடப்பதையெல்லாம் வரி வரியாகக் குறித்து வைக்கும் இடம் அது. பக்கம் பக்கமாக ஒரே வரிதான்: Login failed. ஒவ்வொரு வரியிலும் வேறு வேறு ஐபி. admin, root, support, user என்று பெயர்கள் மாறி மாறி வந்தன. சில இடங்களில் ஒரே நிமிடத்துக்குள் நான்கு முயற்சிகள். விடிகாலை மூன்று மணிக்கும் தட்டியிருக்கிறார்கள், மத்தியானம் அப்பா தூங்கும் நேரத்திலும் தட்டியிருக்கிறார்கள். அந்தப் பதிவு ஒன்றரை நாளுக்கு மேல் பின்னோக்கிப் போகவில்லை, ரவுட்டரின் நினைவகம் அவ்வளவுதான். அதற்கு முன்னால் admin, admin என்று சரியாக அடித்து யாராவது உள்ளே வந்து போயிருந்தால் அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வழியே இல்லை. பயமாக இருந்தது.

தென்காசியில் ஒரு தெருக்கோடி வீட்டை யார் தேடி வருவார்கள் என்று நினைக்கத் தோன்றும். யாரும் நம் வீட்டைத் தேடி வருவதில்லை, எல்லா வீட்டுக் கதவையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிறார்கள். பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸீமேப் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். நல்ல வேகமான இணைப்பு இருந்தால், ஒரே கம்ப்யூட்டரை வைத்து மொத்த முகவரிகளிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் பார்த்துவிடலாம் என்று செய்து காட்டினார்கள். அதனால் 8080க்குப் பதிலாக யாருக்கும் தெரியாத வேறு ஒரு போர்ட் எண்ணை வைத்தால் தட்டுவது குறையுமே தவிர நிற்காது.

உள்ளே வந்து என்ன எடுப்பார்கள்? ரவுட்டரில் பணம் கிடையாது, புகைப்படம் கிடையாது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு போனுக்கும், எந்த இணையதளம் எந்த முகவரியில் இருக்கிறது என்று கேட்டுச் சொல்லும் DNS அமைப்பு அங்கேதான் இருக்கிறது. அந்த ஒரு எண்ணை மாற்றிவிட்டால், வங்கியின் பெயரைச் சரியாகவே அடித்தாலும் வேறு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். 2011இல் பிரேசிலில் இதைத்தான் செய்தார்கள். குறிப்பிட்ட சில்லு கொண்ட மோடம்களில் இருந்த ஓட்டையை வைத்து அட்மின் பாஸ்வேர்டைக் கைப்பற்றி, DNS எண்ணை மாற்றினார்கள். 45 லட்சம் மோடம்கள் பாதிக்கப்பட்டதாக, அதை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் ஃபாபியோ அசோலினி சொன்னார். அந்த மாற்றம் இருந்தது மோடத்தில், அதனால் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் ஓட்டிப் பார்த்தாலும் அது அகப்படாது. அப்பாவின் ரவுட்டரில் நான் அடுத்து போய்ப் பார்த்தது அந்த DNS கட்டத்தைத்தான். தானாகப் பெறு என்ற நிலையிலேயே இருந்தது. கொஞ்சம் மூச்சு வந்தது.

இந்த இடத்தில் நிறைய பேர் சொல்லும் யோசனை, பாஸ்வேர்டை வலுவாக வைத்தால் போதும் என்பது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது ஏன் போதாது என்பதை 2018இல் நடந்த ஒரு விஷயம் எனக்குப் புரியவைத்தது.

லாட்வியா நாட்டின் மைக்ரோடிக் நிறுவனம் செய்யும் ரவுட்டர்கள் கெட்டிக்காரத்தனமானவை, விலையும் கட்டுப்படியாகும். விஷயம் தெரிந்தவர்கள்தான் பெரும்பாலும் அவற்றை வாங்குவார்கள். அவற்றை நிர்வகிக்க வின்பாக்ஸ் என்று தனி மென்பொருள் உண்டு, அது 8291 என்ற போர்ட் வழியாகப் பேசும். அந்த வாசலில் ஒரு பிழை இருந்தது. லாகின் செய்யாமலே, ரவுட்டருக்குள் இருக்கும் ஒரு கோப்பைக் கொடு என்று வெளியில் இருந்து கேட்கலாம், ரவுட்டர் எடுத்துக் கொடுத்துவிடும். கேட்டவர்கள் கேட்டது பயனாளர் பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும் கோப்பை. பாஸ்வேர்டு அதில் எளிதாகத் திரும்பப் பிரித்துவிடக்கூடிய வடிவில்தான் இருந்தது. ஆக, பாஸ்வேர்டு எட்டு எழுத்தோ எண்பது எழுத்தோ, யாரும் அதை ஊகிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. கோப்பில் பார்த்துப் படித்து, சரியாக அடித்து, வீட்டுக்காரர் போலவே உள்ளே நுழைந்தார்கள்.

மைக்ரோடிக் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே பிழையைத் திருத்திப் புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டது. ஆனால் திருத்தம் வெளியாவது ஒரு காரியம், அதை ஒவ்வொரு வீட்டிலும் ரவுட்டரில் ஏற்றுவது இன்னொரு காரியம். ஆகஸ்டில் பிரேசிலில் மட்டும் 70,000க்கு மேற்பட்ட மைக்ரோடிக் ரவுட்டர்களுக்குள் ஆட்கள் புகுந்திருந்தது தெரியவந்தது. அவற்றின் வழியாகப் பார்க்கப்பட்ட இணையப் பக்கங்களில், பார்ப்பவரின் கம்ப்யூட்டரை வைத்தே கிரிப்டோ நாணயம் எடுக்கும் நிரலைச் செருகியிருந்தார்கள். பிறகு உலக அளவில் அந்த எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அந்த ரவுட்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று, 8291 வாசல் இணையத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. அதே பிழை, அதே பழைய பதிப்பு இருந்தும் அந்த வாசலை வெளியே காட்டாத ரவுட்டருக்கு இந்த வழியில் வெளியில் இருந்து யாரும் வந்திருக்க முடியாது.

பூட்டு நல்லதாக இருந்தாலும் கதவுப் பலகை உளுத்திருக்கலாம். ரவுட்டரின் அட்மின் பக்கத்தை எழுதும்போது, வீட்டுக்குள் இருக்கும் நான்கு பேர் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். வங்கி இணையதளத்துக்கு நடக்கும் சோதனை அதற்கு நடந்திருக்காது. அதற்கும் மேல், பல ரவுட்டர்களில் அந்தப் பக்கம் வெறும் http-யில்தான் வரும். லாட்ஜ் வைஃபையில் உட்கார்ந்து அதில் பாஸ்வேர்டு அடித்தால், நடுவில் இருப்பவருக்கு அது அப்படியே படிக்கக் கிடைக்கும்.

அடுத்த வாரமே தென்காசிக்குப் போனேன். ஏற்கெனவே யாராவது உள்ளே வந்து போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது, ஒரு வசதியை அணைத்துவிட்டு விடுவது சரியில்லை. ரவுட்டரைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, புதிய ஃபர்ம்வேர் ஏற்றி, எல்லாவற்றையும் முதலில் இருந்து செய்வதுதான் நல்லது. ரீசெட் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பல இணைப்புகளில் PPPoE என்று ஒரு பயனாளர் பெயரும் பாஸ்வேர்டும் ரவுட்டருக்குள் பதிந்திருக்கும், அதுதான் நெட் நிறுவனத்திடம் உங்களை அடையாளம் காட்டுவது. ரீசெட் செய்தால் அது அழிந்துபோகும், நெட் வராது. அதனால் முதலில் கேபிள் அலுவலகத்துக்குப் போய் அந்த இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டேன். ரீசெட் முடிந்ததும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றினேன், Remote Management அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். கேமரா பெட்டிக்காகத் திறந்திருந்த போர்ட் ஃபார்வர்டிங் வரிகளை மறுபடி போடவில்லை. கேமரா பெட்டியும் இதே மாதிரி ஒரு பலவீனமான அட்மின் பக்கத்தை வைத்திருக்கும் கருவிதான்.

இதற்குப் பிறகும் வெளியே இருந்து ரவுட்டருக்குள் வர ஒரு வழி வேண்டுமா என்று யோசித்தேன். பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். நெட் வரவில்லை என்று வீட்டில் இருந்து போன் வரும்போதுதான் ரவுட்டருக்குள் போக நினைப்போம், ஆனால் நெட் இல்லாதபோது எந்தத் தொலைவழியும் வேலை செய்யாது. ஸ்விட்சை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடச் சொல்வதுதான் அப்போது நடக்கக்கூடியது. பாஸ்வேர்டு மாற்றுவது வருஷத்துக்கு ஒரு முறை வரும் வேலை. அப்பாவே தன் போனில் 192.168.1.1-ஐத் திறந்துகொண்டு, அம்மாவின் போனில் வீடியோ கால் போட்டு எனக்குக் காட்டினால் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். சில ரவுட்டர்களுக்கு அந்தந்த நிறுவனமே போன் ஆப் கொடுக்கிறது. அதில் ரவுட்டர் தானே வெளியே போய் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்துகொள்வதால் வீட்டில் போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை, வாசல் திறந்து கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அந்த ஆப்பின் கணக்குதான் வீட்டுச் சாவி என்று ஆகிவிடும். அதனால் அதற்கு இரட்டைச் சரிபார்ப்பு போட்டுக்கொள்ள வேண்டும்.

என் விஷயம் கொஞ்சம் வேறு. அப்பாவுக்கு முட்டி வலி, கேமராவையும் நான் பார்க்க வேண்டும், மாதத்துக்கு இரண்டு முறையாவது ஏதாவது மாற்ற வேண்டி வருகிறது. அதனால் ரவுட்டரை மறைத்தே வைத்துவிட்டு, வீட்டுக்குள் வேறொரு கருவி வழியாகச் சுரங்கப்பாதை போட்டேன்.

அதன் அடிப்படை வயர்கார்டு என்ற விபிஎன் முறை. இதில் நுழைவுக்குப் பெயரும் பாஸ்வேர்டும் கிடையாது. என் போனிலும் வீட்டுக் கருவியிலும் ஆளுக்கொரு ரகசியச் சாவி இருக்கும், ஒன்றின் பொதுச் சாவி மற்றதற்குத் தெரியும். தெரியாத ஒருவர் வந்து தட்டினால் வயர்கார்டு பதிலே சொல்லாது. "பாஸ்வேர்டு தவறு" என்றுகூடச் சொல்லாது. தட்டியவருக்கு அங்கே ஒரு வாசல் இருப்பதே தெரியாமல் போகும். உங்கள் ரவுட்டரிலேயே WireGuard இருந்து, பொது ஐபியும் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். எங்கள் ரவுட்டரில் இல்லை. இனி தேவையில்லை என்று ஸ்டாட்டிக் ஐபியையும் நிறுத்திவிட்டேன். அதனால் வயர்கார்டின் மேல் கட்டப்பட்ட டெயில்ஸ்கேல் என்ற சேவையை எடுத்தேன், தனிநபர் பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு பக்கமும் உள்ளே இருந்து வெளியே போய்ச் சந்தித்துக்கொள்வதால் பொது ஐபியும் தேவையில்லை, ரவுட்டரில் போர்ட் திறக்கவும் தேவையில்லை.

வீட்டில் சும்மா கிடந்த ஒரு ராஸ்பெர்ரி பை இருந்தது. உள்ளங்கையளவு கம்ப்யூட்டர், சில வாட் மின்சாரம்தான் எடுக்கும். லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்பும் போதும். அதில் அடித்தது இவ்வளவுதான்:

```
curl -fsSL https://tailscale.com/install.sh | sh
echo 'net.ipv4.ip_forward = 1' | sudo tee /etc/sysctl.d/99-tailscale.conf
sudo sysctl -p /etc/sysctl.d/99-tailscale.conf
sudo tailscale up --advertise-routes=192.168.73.1/32
```

முதல் வரி மென்பொருளைப் போடுகிறது. அடுத்த இரண்டும், ஒரு பக்கம் வரும் தரவை மறுபக்கம் கடத்திவிடு என்று பைக்குச் சொல்கின்றன. கடைசி வரி, இந்தக் கருவி வழியாக 192.168.73.1 என்ற ஒரே ஒரு முகவரிக்குப் போகலாம் என்று அறிவிக்கிறது. அதுதான் ரவுட்டர். முழு வீட்டு வலையையும் திறந்துவிட வேண்டிய அவசியம் இல்லை, கேமரா பெட்டியின் முகவரியை மட்டும் பிறகு சேர்த்துக்கொண்டேன். இதற்கப்புறம் டெயில்ஸ்கேலின் இணையப் பக்கத்தில் போய் அந்த வழிக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டும், கொடுக்கும் வரை அது வேலை செய்யாது. என் போனில் அதே கணக்கில் ஆப்பைப் போட்டு இயக்கினால், சென்னையில் இருந்தே 192.168.73.1 என்று அடித்துத் தென்காசி ரவுட்டரைத் திறக்கலாம்.

அந்த 73 எங்கே இருந்து வந்தது? முதலில் வழக்கமான 192.168.1.1 என்றேதான் விட்டிருந்தேன். சோதித்துப் பார்க்க ஒரு நண்பர் வீட்டு வைஃபையில் இருந்து திறந்தேன். வந்த பக்கத்தின் நிறம் வேறாக இருந்தது, பிராண்டு பெயரும் வேறு. அது நண்பர் வீட்டு ரவுட்டர்! அவர் வீட்டிலும் அதே எண் என்பதால் போன் கிட்டத்தில் இருப்பதைத் திறந்துவிட்டது. அதனால் அடுத்த முறை ஊருக்குப் போனபோது வீட்டு வலையின் எண்ணை யாரும் அவ்வளவாக வைக்காத 73க்கு மாற்றினேன். கேமரா பெட்டிக்குப் பழைய எண்ணே பதிந்திருந்ததால் அது காணாமல் போனது, டிவியில் அதன் மெனுவைத் திறந்து அங்கேயும் மாற்ற வேண்டியிருந்தது.

இன்னொரு பாடம் கொஞ்சம் வலித்தது. பையை வைஃபை மூலம் ரவுட்டரோடு இணைத்து வைத்திருந்தேன். சென்னையில் இருந்து வைஃபை பாஸ்வேர்டை மாற்றிச் சேமித்தேன். அந்தக் கணமே பை வெளியே தள்ளப்பட்டது, புதிய பாஸ்வேர்டு அதற்குத் தெரியாதே. நான் நின்றுகொண்டிருந்த பாலத்தை நானே வெட்டிவிட்டேன். மறுபடி ஊருக்குப் போய், லேன் கேபிளால் ரவுட்டரின் பின்பக்கம் செருகிவிட்டு வந்தேன். PPPoE விவரம், வீட்டு வலை எண், ஃபர்ம்வேர், இந்த மூன்றையும் தொலைவில் இருந்து நான் இப்போது தொடுவதே இல்லை. நடுவில் ஏதாவது தவறிப்போனால் திரும்ப உள்ளே வர வழி இருக்காது.

டெயில்ஸ்கேலில் சேர்ந்த ஒவ்வொரு கருவியின் சாவிக்கும் வழக்கமாக 180 நாள்தான் ஆயுள். ஆறு மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு ஒருநாள் திடீரென்று நின்றால் அதுதான் காரணம். வீட்டில் இருக்கும் பைக்கு மட்டும் Disable key expiry என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போனுக்கு அந்த ஆயுள் இருக்கட்டும், போன்தான் தொலைந்துபோகும் பொருள். எந்தக் கணக்கால் டெயில்ஸ்கேலுக்குள் நுழைகிறோமோ அதற்கும் இரட்டைச் சரிபார்ப்பு வேண்டும்.

உங்கள் வீட்டில் வாசல் திறந்து கிடக்கிறதா என்று தெரிந்துகொள்ள, முதலில் வீட்டு வைஃபையில் இருந்தபடி what is my ip என்று தேடி, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரவுட்டரின் Status பக்கத்தில் WAN IP என்று இருப்பதும் அதுவும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பொது ஐபி இருக்கிறது. WAN IP 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், நெட் நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரியின் பின்னால் வைத்திருக்கிறது, அந்த வழியாக வெளியே இருந்து யாரும் நேரடியாக வர முடியாது. ஐபிவி6 இருந்தால் அதில் ரவுட்டருக்குத் தனிப் பொது முகவரியே உண்டு, அதனால் Remote Management அணைந்திருப்பதையும் IPv6 Firewall இயங்குவதையும் எப்படியும் பார்த்துவிடுங்கள். பிறகு போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் இருந்து அந்தப் பொது எண்ணைத் தனியாகவும், :8080, :8443 சேர்த்து https:// போட்டும் போடாமலும் அடித்துப் பாருங்கள். வைஃபையில் இருந்தபடியே அடித்தால் சில ரவுட்டர்கள் உள்ளே இருந்து வருவதாக எடுத்துக்கொண்டு பக்கத்தைக் காட்டிவிடும், அதை நம்ப முடியாது.

ரீசெட் செய்த அன்று, ஸ்டாட்டிக் ஐபியை நிறுத்துவதற்கு முன்னால், அப்பாவை வைத்தே இதைச் சோதித்தேன். திண்ணையில் உட்கார்ந்து வைஃபையை அணைத்தார். காலண்டரின் பின்னால் இருந்த எண்ணை ஒவ்வொன்றாக அடித்து, கடைசியில் நான் சொன்ன 8080ஐயும் போட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்திக்கிட்டே இருக்குப்பா. ஒண்ணும் வரல."

"வரக் கூடாதுப்பா. இன்னும் ஒரு நிமிஷம் பாருங்க."